வக்கீல் நோட்டீஸ் வேறு, ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் வேறு

“நாங்கதான் அப்பவே வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டோமே சார்?” இந்த வருடத்தில் இதை நான் கேட்பது நான்காவது முறை. அதனால்தான் இந்தப் பதிவு.

வந்தவர் அலுவலகங்களுக்கு ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் அனுப்புபவர். மூன்று பில், மொத்தம் 14 லட்சம் ரூபாய் பாக்கி. கடைசி பில்லுக்குப் பணம் வந்திருக்க வேண்டிய நாள் 2022 ஜூன் 10. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆர்பிட்ரேஷன் ஷரத்து ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நோட்டீஸும் போயிருக்கிறது: “15 நாளில் பணம் தராவிட்டால் சிவில், கிரிமினல், ஆர்பிட்ரேஷன் உட்படத் தக்க சட்ட நடவடிக்கை எடுப்போம்.” பதில் இல்லை. பிறகு ஃபோன், நேரில் போய்க் காத்திருப்பு, “அடுத்த மாசம் பார்க்கலாம்” என்ற வாய்வார்த்தை. என்னிடம் வந்தது 2025 ஆகஸ்டில்.

பாக்கியைக் கேட்டு வழக்காடச் சட்டம் தரும் மூன்று வருடக் காலவரையறை ஜூனிலேயே முடிந்துவிட்டது.

அவர் நம்பவில்லை. நோட்டீஸில் ‘ஆர்பிட்ரேஷன்’ என்ற சொல் இருக்கிறதே என்றார். சொல் இருக்கிறது, கோரிக்கை இல்லை. “எடுப்போம்” என்பது மிரட்டல். 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 21ஆம் பிரிவு கேட்பது, இந்தத் தகராறை நடுவரிடம் அனுப்பு என்ற கோரிக்கையை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அந்தக் கோரிக்கை எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளில்தான் நடுவர் விசாரணை தொடங்கியதாகக் கணக்கு. நீங்கள் தபாலில் போட்ட நாள் அல்ல, சேர்ந்த நாள். காலவரையறைக் கடிகாரமும் அன்றைக்குத்தான் நிற்கும். எத்தனை டிமாண்ட் நோட்டீஸ் அனுப்பினாலும், எத்தனை முறை ஞாபகப்படுத்தினாலும் அது நிற்காது. கெடு முடிவதற்குள் எதிர்த்தரப்பு பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் புதிதாக மூன்று வருடம் கிடைத்திருக்கும். இவரிடம் அப்படி ஒரு வரிகூட இல்லை. எல்லாம் ஃபோனில்.

சரி, எப்படி எழுத வேண்டும்? மொழி எதுவானாலும் பொருள் இப்படி இருக்கட்டும்:

“இந்தத் தேதியிட்ட சேவை ஒப்பந்தத்தின் 18ஆம் ஷரத்தின்படி, கீழே கண்ட தகராறுகளை நடுவர் விசாரணைக்கு அனுப்புமாறு இதன் மூலம் கோருகிறோம். இது நடுவர் சட்டத்தின் 21ஆம் பிரிவின் கீழான நோட்டீஸ். தனி நடுவராக இன்னாரை முன்மொழிகிறோம். இது கிடைத்த 30 நாட்களுக்குள் உங்கள் சம்மதத்தை எழுத்தில் தெரிவிக்கவும்.”

இதற்குக் கீழே தகராறு என்ன என்று சுருக்கமாக: எந்த பில், எவ்வளவு, எப்போது தர வேண்டியது, வட்டி எந்த விகிதத்தில், எந்த நாளிலிருந்து. ஷரத்தை அப்படியே எடுத்து எழுதுங்கள். அதில் முதலில் 30 நாள் பேச்சுவார்த்தை என்று இருந்தால், அதை முடித்த விவரமும் தேதியோடு வர வேண்டும். அதைத் தாண்டிக் குதித்து வந்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

நடுவர் பெயரில் ஒரு எச்சரிக்கை. “எங்கள் நிர்வாக இயக்குநரே நடுவரை நியமிப்பார்” என்ற ஷரத்தைப் பார்த்ததும் “நியமித்துத் தாருங்கள்” என்று பணிவாக எழுதிவிடாதீர்கள். தகராறின் முடிவில் லாப நஷ்டம் உள்ளவர் தானாக ஒரு தனி நடுவரை நியமிக்க முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவரும் சேர்ந்து ஒத்துக்கொள்ளும்படி பெயர் சொல்லுங்கள். உங்கள் மச்சானின் சீனியர் வேண்டாம்.

இணைப்புகள் மெலிந்திருப்பதே நல்லது. ஒப்பந்தம் மட்டும் முழுமையாக வேண்டும்: இணைப்புப் பட்டியல், புதுப்பித்த கடிதங்கள், கையெழுத்துப் பக்கம் எல்லாம். ஷரத்து உள்ள ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைப்பவர்களை என்ன சொல்ல! பிறகு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு பில்கள், வேலை நடந்ததற்கு வருகைப் பதிவேடு, கணக்கு அறிக்கை, முக்கியமான சில மின்னஞ்சல்கள். கம்பெனி என்றால் நோட்டீஸில் கையெழுத்திடுபவருக்கான அதிகாரக் கடிதம். எல்லாம் நகல்தான். அசல் ஒப்பந்தத்தை அனுப்பாதீர்கள், பின்னால் நீதிமன்றத்தில் அசலோ சான்றிட்ட நகலோ கேட்பார்கள். சமரசப் பேச்சில் “பாதி தந்தாலும் போதும்” என்று எழுதிய கடிதத்தைத் தயவுசெய்து நீங்களே இணைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் நோட்டீஸுக்கென்று குறித்த முகவரிக்கு ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள், எதிர்த்தரப்புக் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கும் ஒன்று. மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சேர்ந்த நாளைக் காட்டும் தபால் டிராக்கிங் பக்கத்தை அன்றைக்கே பிரிண்ட் எடுத்து வையுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

30 நாளில் பதில் இல்லையென்றால் 11ஆம் பிரிவில் நடுவரை நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றம். அந்த மனுவுக்கும் தனியாக மூன்று வருடக் கெடு உண்டு. அந்தக் கெடு உயிரோடிருப்பதைப் பார்த்து, பணத்துக்கான கெடுவும் உயிரோடிருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஹவுஸ்கீப்பிங்காரரும் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதைத்தான். இப்போது நோட்டீஸ் அனுப்பினால் நடுவர் கிடைக்கக்கூடும். எதிர்த்தரப்பு அவர் முன்னால் வைக்கும் முதல் ஆட்சேபம் 2025 ஜூன் 10 ஆகத்தான் இருக்கும்.