பீஸ் கட்டியவரிடம் பீஸ் பட்டியல் நீட்டும் பாட்

ஒரு டியூஷன் சென்டருக்கு டெலிகிராம் பாட் அமைத்துக் கொடுத்திருந்தேன். பெற்றோர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டே இரண்டு: பீஸ் எவ்வளவு, கிளாஸ் எத்தனை மணிக்கு. அந்தச் சொற்கள் வந்தால் தானாகப் பதில் போகும். முதல் வாரம் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது வாரம் ஓர் அம்மா இப்படி எழுதினார்: "பீஸ் கட்டிட்டேன், ரசீது இன்னும் வரல." பாட் உடனே பதில் சொன்னது: "மாதக் கட்டணத்தை 5ஆம் தேதிக்குள் செலுத்தவும்", கூடவே முழுப் பட்டியல். அவர் மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். மூன்றாவது முறையும் அதே கதைதான். கடைசியில் போன் செய்து, "பணம் வந்து சேரவே இல்லையா?" என்று பதறிவிட்டார்.

பாட் செய்ததில் பிழை இல்லை. நான் சொல்லிக் கொடுத்தபடி 'பீஸ்' என்ற சொல்லைக் கண்டது, பதில் அனுப்பியது. அந்தச் சொல்லை வைத்துப் பேச்சு எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ளலாம். கேட்கிறாரா, தகவல் சொல்கிறாரா, புகார் சொல்கிறாரா என்பது அதிலிருந்து தெரியாது. "பையனுக்குக் காய்ச்சல், இன்னைக்கு கிளாஸ் டைமுக்கு வர முடியாது" என்பவருக்கும் கால அட்டவணை போய்க்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அதனால் இப்போது வேறொரு பட்டியலைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். அதில் உள்ள சொல் ஒன்று இருந்தாலும் பாட் பட்டியல் எதையும் அனுப்பக் கூடாது. "அலுவலகத்தில் பார்த்துச் சொல்கிறோம்" என்று ஒரு வரி மட்டும் போட்டுவிட்டு, செய்தியை ஆபீஸில் இருப்பவருக்குத் தள்ளிவிட வேண்டும்.

```python
HOLD = ["கட்டி", "ரசீது", "paid", "katti", "முடியாது"]
KEYS = {"fee": ["பீஸ", "கட்டண", "fees"],
        "time": ["நேரம", "நேரத்", "டைம", "timing"]}

def pick(text):
    t = text.lower()
    if any(w in t for w in HOLD):
        return ["office"]
    return [k for k, ws in KEYS.items() if any(w in t for w in ws)]
```

முதல் பொருத்தத்தோடு நிற்காமல் எல்லாவற்றையும் சேர்த்துத் தருவதற்கும் காரணம் உண்டு. "பீஸ் எவ்வளவு, டைமிங் என்ன?" என்று ஒரே வரியில் கேட்பவருக்கு இரண்டு பதிலும் போக வேண்டுமே.

பட்டியலில் 'பீஸ', 'கட்டண' என்று அரைகுறையாக இருப்பது எழுத்துப் பிழை இல்லை. 'கட்டணம்' என்று முழுசாகப் போட்டால் "கட்டணத்தை எப்படிச் செலுத்துவது?" என்ற கேள்வியைப் பாட் கண்டுகொள்ளாது. வேற்றுமை உருபு சேர்ந்தால் கடைசி மகரம் போய்விடுகிறதே. 'பீஸ்' என்பதில் புள்ளியை எடுத்துவிட்டால் பீஸு, பீஸை, பீஸா எல்லாம் சிக்கும், ஏனென்றால் யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் மெய்யெழுத்துக்குப் பின்னால் வரும் தனிக் குறிகள். இதே காரணத்தால்தான் பைத்தானில் சொல் எல்லையைப் பார்க்கும் `\b` தமிழில் கைவிடுகிறது. அது புள்ளியையும் உயிர்க்குறியையும் எழுத்தாகவே எண்ணாது. `\w+` போட்டுத் தேடினால் 'கட்டணம்' என்பது 'கட', 'டணம' என்று இரண்டு துண்டாகத்தான் கிடைக்கும். சொல் எல்லை பார்ப்பது ஆங்கில எழுத்துக்கு மட்டும் சரி. அங்கே அது தேவையும்கூட, 'fee' என்று வெறுமனே தேடினால் 'feedback' மாட்டும்.

துண்டை ரொம்பவும் வெட்டினாலும் வம்புதான். 'நேர' என்று முதலில் வைத்திருந்தேன். "நேரடி வகுப்பா, ஆன்லைனா?" என்று கேட்டவருக்குக் கால அட்டவணை போனது. அதனால்தான் 'நேரம', 'நேரத்' என்று இரண்டாக வைத்தேன். அதைவிட வெட்கமான ஒன்று: ரசீது வராத புகார்களைப் பிடிக்க 'வரல' என்பதை HOLD பட்டியலில் சேர்த்தேன். அன்று மாலை ஆபீஸ் பெண், "எல்லாமே எனக்கே வருதே சார்" என்றார். பார்த்தால், "எப்போ வந்து பார்க்க வரலாம்?" என்ற கேள்விகள். 'வரலாம்' என்பதற்குள் 'வரல' உட்கார்ந்திருக்கிறது!

தங்கிலீஷ் தனித் தலைவலி. கட்டிட்டேன் என்பதை kattiten, katiten, kattitten என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். யோசித்து யோசித்துப் பட்டியல் போட்டு முடியாது. எந்தச் சொல்லிலும் பொருந்தாத செய்திகளைத் தனியாகச் சேமித்து, வாரம் ஒருமுறை உட்கார்ந்து படித்தால், சேர்க்க வேண்டிய எழுத்துக்கூட்டல் தானாகத் தெரியும். தவறாகப் பொருந்தியவை அந்தக் கோப்பில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றைப் பிடிக்க நான் வைத்திருக்கும் அடையாளம், ஒரே ஆள் சில நிமிடங்களுக்குள் ஒரே பதிலை இரண்டாம் முறை வாங்குவது. அப்படி ஆனால் பாட் அங்கேயே வாயை மூடிக்கொண்டு ஆபீஸைக் கூப்பிடும். அந்த அம்மாவுக்கு இது அன்றே இருந்திருந்தால் இரண்டாவது செய்தியிலேயே ஒரு மனிதர் பேசியிருப்பார்.

'மணி' என்ற சொல்லை மட்டும் நேரப் பட்டியலில் இன்னும் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்த அன்று ஒருவர் "மணிக்கு எவ்வளவு மார்க்?" என்று கேட்டார். மணி அவருடைய பையன்.