புது பேட்டோட எட்ஜ் ஏன் முதல்ல பொளக்குது?

என் முதல் இங்கிலீஷ் வில்லோ பேட்டை வாங்கி ரெண்டாவது நெட்ஸ்லயே எட்ஜ்ல விரல் நீளத்துக்கு ஒரு பொளவு வந்துச்சு. அதுக்கு முன்னாடி நாலு மணி நேரம் மேலட்டால, அதாவது பேட் தட்டற மரச்சுத்தியலால தட்டியிருந்தேன், ஆனா எல்லாமே முகத்துல, நட்ட நடுவுல. எட்ஜை தொடவே இல்ல. அதுக்கப்புறம்தான் இந்த தட்டுறது எதுக்குன்னே யோசிச்சேன்.

வில்லோ மரம் லேசா இருக்கறதுக்கு காரணம் உள்ள இருக்கற காத்துதான். நெடுக்க ஓடுற மெல்லிசான குழாய் குழாயா செல்லுங்க, நடுவுல காத்து. அப்படியே விட்டா பால் பட்ட இடத்துல குழி விழும். அதனால பேட் செய்யறவங்க முகத்தை ரோலர்ல வச்சு நசுக்குவாங்க, மேல் அடுக்கு குழாய்கள் தட்டையாகி ஒன்னோட ஒன்னு நெருங்கி ஒரு கெட்டியான தோல் மாதிரி ஆயிடும், கீழ இருக்கறது மெத்துனே இருக்கும். பால் விழும்போது அந்த தோல் அடியை பரப்பிக் கொடுக்குது, அடியில இருக்கற மரம் ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளுது. சிக்கல் என்னன்னா ரோலர் தட்டையான இடத்துல நல்லா அமுக்கும், வளைஞ்சு இறங்குற எட்ஜுக்கும் கீழ இருக்கற டோவுக்கும் அந்த அமுக்கம் சரியா போய்ச் சேராது. மிச்ச வேலைதான் நம்ம கையில வருது.

தட்டறதுக்கு முன்னாடி எண்ணெய். ரா லின்சீட் ஆயில், அதாவது காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய். ஒரு டீஸ்பூன் போதும், துணியில எடுத்து முகம், எட்ஜ், டோ, ஸ்டிக்கர் இல்லாத பின்பக்கம், அவ்ளோதான். ஹேண்டில் வந்து பிளேடுக்குள்ள சொருகியிருக்கற அந்த V வடிவ ஸ்ப்ளைஸ் பக்கம் போகாதீங்க, அங்க இருக்கற பசை கெட்டுப்போகும். பேட்டை படுக்க வச்சு ஒரு நாள் விட்டு இன்னொரு கோட், வேணும்னா மூணாவது. எண்ணெய் நாரை வளையவிடும், ஈரம் சட்டுனு உள்ள ஏறாம வெளிய போகாம பாத்துக்கும். அதிகமா ஊத்தினா மரம் குடிச்சு கனத்துடும், சத்தம் மொத்தையா ஆயிடும், அப்புறம் அதை வெளிய எடுக்க வழி இல்ல. இன்னொன்னு, அந்த எண்ணெய் துணியை கசக்கி மூலையில போட்டுடாதீங்க, லின்சீட் காத்தோட சேர்ந்து காயும்போது சூடாகி தானா தீப்பிடிக்கும், விரிச்சு காயவைங்க.

அடுத்து மேலட். ஆரம்பத்துல ரொம்ப லேசா, கதவை தட்டற மாதிரி, முகம் முழுக்க, நேரம் ஆக ஆக கொஞ்சம் கொஞ்சமா பலமா. எட்ஜை பக்கவாட்டுல நேரா குத்தாதீங்க, பேட்டை சாய்ச்சு பிடிச்சு முகமும் எட்ஜும் சேர்ற மூலையை சுமார் 45 டிகிரியில தட்டணும், கூரா இருக்கற அந்த மூலை மழுங்கி உருண்டையா வர்ற வரைக்கும். இது ஏன்னா கூரான மூலையில பால் பட்டா மொத்த அடியும் நூல் மாதிரி ஒரு கோட்டுல இறங்குது, உருண்டையா இருந்தா கொஞ்சம் அகலமான இடத்துல பரவும். டோவுக்கு முகப்பக்கம் மட்டும், அடிப்பாகத்துல மேலட் வேணாம்.

எவ்ளோ நேரம்னு கேட்டா அஞ்சு ஆறு மணி நேரம், ஒரு வாரத்துக்கு பிரிச்சு. ஆனா கடிகாரத்தை விட பால்தான் சரியா சொல்லும். போன வருஷம் வாங்கின பேட்டை நாலு மணி நேரம் தட்டிட்டு பழைய பால்ல லேசா கேட்ச் கொடுக்கற மாதிரி ஆடினேன், ஒன்னும் ஆகல. அப்புறம் ஒரு புது பாலை வச்சு மெதுவா தட்டினா டோவுக்கு நாலு விரல் மேல எட்ஜோரமா சீம் தையல் அப்படியே பதிஞ்சிருக்கு, நடுவுல எதுவும் இல்ல. பதிஞ்சா அந்த இடம் இன்னும் மெத்துனு இருக்குன்னு அர்த்தம். அந்த ஒரு கையகல இடத்தை மட்டும் ரெண்டு நாள் தட்டினதும் தடம் நின்னுச்சு.

இப்போ கிரெயின். முகத்துல நெடுக்க ஓடுற ஒவ்வொரு கோடும் மரத்தோட ஒரு வருஷம். ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் சகஜம். கோடு நெருக்கமா இருந்தா மரம் மெதுவா வளர்ந்திருக்கு, சீக்கிரமே நல்லா அடிக்க ஆரம்பிக்கும், ஆனா ஆயுசு பொதுவா கம்மி. அகலமா இருந்தா பழக நாளாகும், தாங்கும். நான் பார்க்கறது எண்ணிக்கையை விட நேர்: மேல இருந்து டோ வரைக்கும் கோடு வளையாம வருதா, டோவுல கோடு முன்பக்கத்துல இருந்து பின்பக்கம் போகுதா. முடிச்சு முகத்துல நடுவுல இருந்தா வேணாம்னு சொல்வேன். ஓரத்துல செம்பழுப்பா இருக்கற ஹார்ட்வுட், அதாவது மரத்தோட நடுப்பகுதி, வெறும் நிறம், கிரேடை குறைப்பாங்க, ஆட்டத்துல பெருசா வித்தியாசம் இருக்காது, காசு மிச்சம்.

பன்னெண்டு கோடு போட்ட வெள்ளை வெளேர் பேட்டும், எட்டு கோடு போட்டு ஓரத்துல பழுப்பு விழுந்த பேட்டும் ஒரே எடையில கையில இருந்தா, ரெண்டையும் மேலட்டால நடுவுல தட்டி எது டங்குனு துள்ளுதோ அதைத்தான் எடுப்பேன். ரெண்டுக்குமே எட்ஜ் தட்டற வேலை ஒன்னுதான்.