கை-வர்க்கத்தில் ‘கை’ எது? மூன்று சோதனைகளின் பெயரும் பொருளும்

புள்ளியியலில் ‘கை-வர்க்கச் சோதனை’ என்று முதன்முதலாகப் படிப்பவர் தன் உள்ளங்கையைப் பார்க்க வாய்ப்புண்டு. அந்தக் ‘கை’ χ என்ற கிரேக்க எழுத்து. கார்ல் பியர்சன் 1900-இல் இந்தச் சோதனையை வெளியிட்டபோது அந்த எழுத்தைத்தான் பயன்படுத்தினார். ‘வர்க்கம்’ என்பது இருமடி. ஆனால் ‘வர்க்கப் போராட்டம்’ என்று பழகிய காதுக்கு அது வேறு பொருளைத் தருகிறது. ‘கை-இருபடிச் சோதனை’ என்பது தெளிவான தமிழ். இருந்தாலும் புழக்கத்தில் வர்க்கமே நிலைத்துவிட்டதால் நானும் அதையே எழுதுகிறேன்.

‘டி-சோதனை’யின் கதை வேறு. மதுபான ஆலை ஒன்றில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட், 1908-இல் ‘மாணவன்’ என்று பொருள்படும் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் இதை எழுதினார். சில மாதிரிகளே கையில் இருக்கும்போது சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பது அவர் கேள்வி. t என்ற எழுத்து பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குத் தமிழாக்கம் தேடுவது வீண்வேலை.

மூன்றாவதற்குத்தான் நல்ல தமிழ்ப்பெயர் அமைந்திருக்கிறது: ‘தரவரிசைச் சோதனை’. பாடநூல்களில் ‘தர ஒட்டுறவு’ என்று வருவதால் சிலர் ‘தரச் சோதனை’ என்கிறார்கள். அது பொருளின் தரத்தைச் சோதிப்பதுபோல ஒலிக்கும். ‘வரிசை’யை விட்டுவிடக் கூடாது. பிராங்க் வில்காக்சன் 1945-இலும், மான், விட்னி இருவரும் 1947-இலும் தந்த முறை இது.

சரி, எப்போது எது? தரவில் இருப்பது எண்ணிக்கை என்றால் கை-வர்க்கம். சராசரி காணத் தகுந்த அளவு என்றால் டி. வரிசையை மட்டுமே நம்பலாம் என்றால் தரவரிசை. முதலாவதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். குழப்பம் பின்னிரண்டுக்கும் நடுவில்தான்.

ஒரு வேலையை இரண்டு முறைகளில் ஐந்தைந்து பேர் செய்து முடித்த நிமிடங்கள் இவை என்று கொள்வோம். R மொழியில் எழுதினால்:

```
a <- c(3, 5, 6, 8, 9)
b <- c(10, 11, 12, 14, 90)
t.test(a, b)
wilcox.test(a, b)
```

முதல் முறையில் எல்லோரும் இரண்டாம் முறைக்காரர்களைவிட வேகம். கண்ணுக்கே தெரிகிறது. சராசரிகள் 6.2, 27.4. ஆனால் டி-மதிப்பு (குறியை விட்டுவிட்டால்) 1.35 மட்டுமே. உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு இடைவெளி தற்செயலாக வரும் வாய்ப்பான p கிட்டத்தட்ட 0.25. ‘வேறுபாட்டுக்குச் சான்று இல்லை’ என்கிறது சோதனை. அந்த 90-ஐ 15 ஆக்கிப் பாருங்கள்: சராசரி இடைவெளி 21.2-லிருந்து 6.2 ஆகச் சுருங்குகிறது, டி-மதிப்போ 4.38-ஆக ஏறுகிறது! ஒற்றை எண் சராசரியை இழுத்ததைவிடப் பரவலை அதிகமாக ஊதிவிட்டிருக்கிறது. டி-மதிப்பு, இடைவெளியைப் பரவலால் வகுத்துத்தானே வருகிறது.

தரவரிசைச் சோதனை 90-ஐப் பார்ப்பதில்லை. ‘பத்தாமிடம்’ என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. பத்து இடங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 252 வழிகள். இப்படி முழுதாகப் பிரிந்து நிற்பது, இரு பக்கமும் சேர்த்து, அவற்றில் 2 வழிகளில்தான் நடக்கும். p = 2/252, அதாவது 0.008.

அதற்காக எப்போதும் தரவரிசைக்கே ஓடவும் முடியாது. மூன்று மூன்று பேர் என்றால் மொத்தம் 20 வழிகள்தான். எவ்வளவு தெளிவாகப் பிரிந்தாலும் p 0.1-க்குக் கீழே இறங்காது. அப்புறம், 90 என்பது தட்டச்சுப் பிழையா, உண்மையில் ஒருவர் ஒன்றரை மணி நேரம் திண்டாடினாரா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். மொத்த நேரம்தான் உங்கள் கவலை என்றால் அந்த ஒருவரே முக்கியமான செய்தி. தரவரிசை அதை மறைத்துவிடும்.

கை-வர்க்கத்தில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, எண்ணிக்கை இருக்க வேண்டிய கட்டத்தில் சதவீதத்தைப் போடுவது. 20 பேரில் 10 பேர், இன்னொரு 20 பேரில் 13 பேர் ‘ஆம்’ என்றார்கள். திருத்தம் ஏதும் சேர்க்காத கை-வர்க்க மதிப்பு 0.92. இதையே 50, 65 என்று சதவீதமாக்கி, நூற்றுக்கு நூறு பேர் என்பதுபோலக் கொடுத்தால் 4.60. இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் 5 சதவீத எல்லை 3.84. இல்லாத 160 பேரைச் சேர்த்துக்கொண்டுதான் அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறோம். யாராவது கை-வர்க்க முடிவைக் காட்டினால், அட்டவணையின் கூட்டுத்தொகை கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் கூட்டிப் பார்ப்பேன்.