மிஞ்சிய பிரெட்டில் மாட்டுக்கு எவ்வளவு, உரக்குழிக்கு எவ்வளவு?

ஒரு சிறிய பேக்கரியை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 12 கிலோ விற்காத பிரெட் திரும்பி வருகிறது. அதில் 9 கிலோ வெறும் பிரெட்டும் பன்னும். மீதி 3 கிலோ பூசணம் பூத்ததும், கிரீமோ சாக்லேட்டோ கலந்ததும். சமையல் மேசையிலிருந்து 8 கிலோ காய்கறி, பழத் தோல் சேர்கிறது. பாலைத் திரித்து சீஸும் போடுவதால், தயிர்க்கட்டி பிரிந்தபின் மிஞ்சும் வெளிர்மஞ்சள் தெளிநீர் 30 லிட்டர். ஆங்கிலத்தில் இதை வே என்பார்கள்.

பெரும்பாலான இடங்களில் இவை மூன்றும் ஒரே டிரம்மில் விழுகின்றன. மாலையில் மாடு வைத்திருக்கும் ஒருவர் வந்து டிரம்மைக் கவிழ்த்துக்கொண்டு போகிறார். வீணாகவில்லை என்று இரு தரப்புக்கும் திருப்தி. ஆனால் தெளிநீரில் ஊறிய பிரெட் சில மணி நேரத்திலேயே புளித்து நொதிக்கத் தொடங்கும். தோலோடு வந்த மண்ணும் கிருமியும் அதில் கலக்கும். அதற்குப் பிறகு எது தீவனம், எது குப்பை என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆகவே மூன்றுக்கும் முதலிலேயே மூன்று பாத்திரம் வேண்டும்.

பிரெட்டை அலமாரியிலிருந்து இறக்கும்போதே பிரித்துவிடுங்கள். தீவனத்துக்குப் போகலாம் என்று தனியே வைப்பது வெறும் பிரெட், பன், ரஸ்க் மட்டும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் கால்நடைக்கு ஆகாது. இறைச்சி, முட்டை வைத்த சாண்ட்விச் நோய்க்கிருமியைக் கடத்தும். பல நாடுகளில் அதைக் கால்நடைக்குக் கொடுப்பதற்குச் சட்டத் தடையே உண்டு. பிளாஸ்டிக் உறை, அதைக் கட்டும் கம்பி, ஸ்டேப்ளர் பின் எல்லாம் மேசையிலேயே கழற்றப்பட வேண்டும். மாடு வாயால் பொறுக்கிப் பிரித்துத் தின்னும் பிராணி இல்லை. உள்ளே போன பிளாஸ்டிக் முதல் வயிற்றிலேயே தங்கிவிடும்.

பூசணம் பூத்ததில் எந்தச் சமரசமும் வேண்டாம். "அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டால் போதும்" என்பது பிரெட்டுக்குப் பொருந்தாது. மேலே பச்சைப் புள்ளி தெரியும்போதே பூஞ்சை இழைகள் துளைகள் வழியாக உள்ளே பரவியிருக்கும். அடுப்பில் வாட்டினால் பூஞ்சை சாகும். அது ஏற்கெனவே சுரந்த நச்சு சாகாது. அப்படிப் பூஞ்சை சுரக்கும் நச்சுகளில் ஒன்றான அஃப்ளாடாக்சின் சாதாரண அடுப்புச் சூட்டைத் தாங்கி நிற்கும். கறவை மாடு அதைத் தின்றால் நச்சின் மாறிய வடிவம் ஒரு நாளுக்குள் பாலில் வரத் தொடங்கும். மாடு பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும், பால்தான் கெட்டிருக்கும்.

பூசணத்தைத் தடுக்க எளிய வழி, இறக்கிய அன்றே உலர்த்துவது. பிரெட்டில் ஏறக்குறைய 37 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. அதைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பூசணம் வளராது. ஒரு விரல் தடிமனுக்கு வெட்டித் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கடைசி வேக்காடு முடிந்தபின் அடுப்பில் மிஞ்சும் சூடு, 60 முதல் 70 டிகிரி செல்சியஸ், இதற்குப் போதும். கதவைச் சற்றே திறந்து வையுங்கள். மூடினால் ஆவி வெளியேறாமல் பிரெட் வேர்க்கும்.

காய்ந்துவிட்டதா என்று தராசு சொல்லும்: ஒரு கிலோ பிரெட் 700 கிராமுக்கு வந்திருக்க வேண்டும். தராசு இல்லாவிட்டால் நடுத்துண்டு ஒன்றை ஒடித்துப் பாருங்கள். அப்பளம்போல் சடக்கென்று உடைய வேண்டும். ஓரம் உடைந்து நடு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அதைச் சாக்கில் கட்டினால் மூன்றாம் நாள் நடுவிலிருந்தே பூசணம் கிளம்பும். சூடாக இருக்கும்போது கட்டினாலும் இதே கதிதான். சாக்கின் உட்புறம் நீர் கோத்துக்கொள்ளும்.

இப்படி உலர்த்திய 9 கிலோ, 6.3 கிலோவாகிறது. இனி இதை எத்தனை மாடுகளுக்குப் பிரிப்பது என்பதுதான் முக்கியமான கணக்கு. மாட்டைப் பொறுத்தவரை பிரெட் என்பது நன்றாக அரைத்து வேகவைத்த தானியம். முழுத் தானியம் வயிற்றில் மெல்ல மெல்லத்தான் செரிக்கும். பிரெட்டின் மாவுச்சத்து உடனே நொதித்து அமிலமாகிறது. அமிலம் தேங்கினால் நார் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் சாகும், அமிலம் சுரப்பவை பெருகும், வயிறு மேலும் புளிக்கும். ஒரு மாடு மட்டும் வைத்திருப்பவரிடம் முழு மூட்டையையும் தூக்கிக் கொடுப்பது நல்ல எண்ணத்தில் செய்யும் தீங்கு.

நாளுக்கு 12 கிலோ உலர்பொருள், அதாவது ஈரத்தைக் கழித்த எடையில் தீவனம், தின்னும் மாடு என்று வைத்துக்கொண்டால், அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.2 கிலோ, பாதுகாப்பான உச்சம். இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் பண்ணைகள் உண்டு. அங்கே தீவனத்தைக் கணக்கிட ஆள் இருக்கிறார். கைக்கணக்கில் கொடுக்கும் இடத்தில் பத்தில் ஒன்றோடு நிற்பதே நல்லது. உலர்ந்த பிரெட்டாக அது சுமார் 1.3 கிலோ. ஆக 6.3 கிலோவுக்கு ஐந்து மாடுகள் வேண்டும். முதல் நாள் கால் கிலோவில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுபோங்கள். கொடுக்கும் அளவுக்கு அடர்தீவனத்தில் உள்ள தானியத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் கூடுதலாகப் போடக்கூடாது. பிரெட்டில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு, எனவே தாது உப்புக் கலவையை நிறுத்த வேண்டாம். நொறுக்கி, வைக்கோலோடு கலந்து, இரண்டு வேளையாகக் கொடுங்கள். வெறும் வயிற்றில் தனியாகப் போட்டால் ஒரே மூச்சில் விழுங்கிவிடும்.

அளவு மீறியதைச் சாணம் முதலில் சொல்லும். கெட்டியாக விழவேண்டிய சாணம் தளர்ந்து, வெளிறி, நுரையோடு புளித்த நெடி வீசும். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கும் குறைவானவையே அசைபோடும். பாலில் கொழுப்பு இறங்கும். இந்தக் கட்டத்தில் பிரெட்டை நிறுத்தி வைக்கோல் மட்டும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் மாடு சாக்கை அவிழ்த்துக் கிலோக்கணக்கில் தின்றுவிட்டது, தள்ளாடுகிறது, கண் குழிந்திருக்கிறது, எழ மறுக்கிறது என்றால் அது உயிர்ப் பிரச்சினை. விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

தெளிநீரும் இதே கணக்கில்தான் வரும். அதில் 93 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி பால்சர்க்கரை, அதுவும் விரைவாக நொதிப்பது. 30 லிட்டரில் திடப்பொருள் ஏறக்குறைய 2 கிலோ. பிரெட் உச்சத்தை எட்டிவிட்ட ஐந்து மாடுகளுக்கு இதையும் ஊற்றினால் எல்லை தாண்டும். ஏழு மாடுகள் இருந்தால் தலைக்கு 900 கிராம் பிரெட், 4 லிட்டர் சொச்சம் தெளிநீர் என்று இரண்டும் அடங்கிவிடும். பாஸ்சரைஸ் செய்த பாலில் வந்த தெளிநீரை மட்டும், அன்றே கொடுங்கள். வாளி பிளாஸ்டிக்காகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கட்டும். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் புளித்த தெளிநீர் துத்தநாகத்தையே கரைத்து எடுக்கும். உப்பிட்ட தயிர்க்கட்டியை அழுத்தும்போது வடிவது வேறு. அந்த உப்புநீர் தீவனத்துக்கு வேண்டாம். சாக்கடையும் இதற்கு இடமில்லை. கரிமப் பளுவில், அதாவது சிதையும்போது நீரின் ஆக்சிஜனை உறிஞ்சும் அளவில், தெளிநீர் வீட்டுக் கழிவுநீரைவிட நூறு மடங்குக்கு மேல் கனமானது.

தோல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெங்காயத் தோலும் கழிவும் மாட்டின் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையடித்த, முளைவிட்ட உருளைக்கிழங்கில் சோலனின் என்ற நச்சு இருக்கும். பச்சை மரவள்ளித் தோலில் சயனைடு நச்சு. தினமும் உட்கார்ந்து பொறுக்க ஆள் இல்லையென்றால் தோல் முழுவதையும் உரத்துக்கே அனுப்பிவிடலாம்.

ஆக உரக்குழிக்கு நாள்தோறும் வருவது 3 கிலோ ஒதுக்கிய பிரெட்டும் 8 கிலோ தோலும். இதோடு 3 கிலோ காய்ந்த இலை சேர்த்தால் ஈரம் 60 சதவீதத்துக்குச் சற்றுக் கீழும், கார்பனுக்கும் தழைச்சத்தான நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் சுமார் 30-க்கு 1-ம் ஆக அமையும். இலையை எடை போட்டே பழகுங்கள். மூன்று கிலோ என்பது கண்ணுக்கு நம்ப முடியாத அளவு பெரிய குவியல், கைக்கணக்கில் போடுபவர்கள் எப்போதும் பாதிதான் போடுவார்கள். இலை படிந்து அடைக்காமலிருக்கச் சிறு குச்சிகளோ மரச்சில்லுகளோ கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள்.

மிஞ்சிய தெளிநீரையும் இங்கே கொட்டிவிடலாம் என்று தோன்றும். 5 லிட்டர் ஊற்றினாலே அதே ஈரத்துக்கு இலை 6 கிலோவாக வேண்டும். குவியல் காய்ந்து தண்ணீர் தெளிக்க வேண்டிய நாளில் தண்ணீருக்குப் பதிலாகத் தெளிக்கலாம், அவ்வளவுதான்.

பிரெட் உரத்தில் வழக்கமாகக் கெடுவது ஒன்று உண்டு. துண்டு துண்டாக ஒரே இடத்தில் கொட்டிய பிரெட், தோலின் சாற்றை உறிஞ்சித் திரும்ப மாவாகிவிடும். ஒரு வாரம் கழித்து மண்வெட்டியால் வெட்டினால் உள்ளே சாம்பல்நிறத்தில் பிசுபிசுக்கும் உருண்டைகள், காடி நெடி. அதற்குள் காற்று நுழையாது. காற்றில்லாமல் நொதித்துச் சுரக்கும் அமிலம் அக்கம்பக்கத்து நுண்ணுயிர்களையும் முடக்கும். குவியல் 40 டிகிரி அருகே வந்து அங்கேயே நின்றுவிடும். ஏற வேண்டியது 55-க்கு மேல். அப்போது பலரும் சுண்ணாம்பு தூவுகிறார்கள். அமிலம் குறையும், கூடவே தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். உருண்டைகளை உடைத்து, குச்சியும் இலையும் சேர்த்துப் புரட்டி, முதிர்ந்த பழைய உரம் ஒரு கூடை கலந்தால் இரண்டு மூன்று நாளில் சூடு பிடிக்கும். வராமல் தடுக்க, பிரெட்டை விரல் அளவுக்குப் பிய்த்து இலையோடு முதலில் பிசறிவிட்டுப் பிறகு தோலைக் கலக்க வேண்டும். அடுக்கடுக்காகப் போடக்கூடாது. மேலே ஒரு சாண் கனத்துக்கு இலை மூடியிருந்தால் எலி அவ்வளவாக வராது.

சூடு நிற்க, குவியல் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். இந்த அளவுக் கழிவில் அது நிறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆகவே மூன்று தொட்டிகள் தேவைப்படும்: ஒன்று நிறையும், ஒன்று வேகும், ஒன்று ஆறும். வெந்த உரம் பிரெட்டின் உப்பையும் சுமந்திருக்கும். நாளுக்கு 3 கிலோ பிரெட்டில் 30 கிராமுக்கு மேல் உப்பு உண்டு, உரம் சுருங்கினாலும் அது சுருங்காது. அதனால் நாற்றுத்தட்டில் இதைத் தனியாக நிரப்ப வேண்டாம். ஒரு பங்கு உரத்துக்கு மூன்று நான்கு பங்கு மண் கலந்து, சில விதைகளை முளைக்கவிட்டுப் பாருங்கள். முளையின் நுனி கருகினால் அந்தத் தொட்டி உரத்தை வளர்ந்த மரங்களின் அடியில் போட்டுவிடலாம்.