ஹோம்ஸ்டேயை மூடப் போகிறீர்களா? கணக்கை அழிப்பதைக் கடைசி வேலையாக வையுங்கள்

கோத்தகிரியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விட்டிருந்த ஓர் அம்மா, போன செப்டம்பரில் எனக்கு போன் செய்தார். பல வருடமாக அவருக்கு நான்தான் வருமான வரி பார்க்கிறேன். "வீட்டுக்கு ஆள் வந்துடுச்சு சார், விலையும் படிஞ்சிடுச்சு. டிசம்பர் ஒண்ணாம் தேதி சாவி கேக்கறாங்க. இந்த ஆன்லைன் கணக்கை அழிச்சிடலாம்னு பையன் சொல்றான்" என்றார். புக்கிங் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டேன். ஐந்து இருந்தன. கடைசியாக, டிசம்பர் 28 முதல் மூன்று இரவுகளுக்கு ஒரு குடும்பம் வருவதாக இருந்தது.

இங்கே இருப்பது இரண்டு உடன்பாடுகள். புக்கிங் தளத்தோடு நீங்கள் செய்துகொண்டது ஒன்று. புக்கிங் உறுதியான ஒவ்வொரு விருந்தினரோடும் தனித்தனியாக ஏற்பட்டது இன்னொன்று. முதலாவதை எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். அதை முடித்ததாலேயே இரண்டாவது முடிந்துவிடாது.

அதனால் முதலில் புது புக்கிங் வரும் வழியை அடைக்க வேண்டும். பட்டியலிலிருந்து வீட்டை மறைக்கும் வசதி பொதுவாக எல்லாத் தளங்களிலும் உண்டு. மறைத்தால் புதியவர்கள் கண்ணில் வீடு படாது, ஏற்கெனவே உள்ள புக்கிங் அப்படியே நிற்கும். அன்றே காலண்டரிலும் காலியான நாட்களையெல்லாம் அடைத்துவிடுங்கள். இரண்டு தளங்களில் போட்டிருந்தால் இரண்டிலும் செய்யுங்கள். இந்த அம்மா ஒன்றில் மட்டும் அடைத்துவிட்டு இன்னொன்றை மறந்துவிட்டார். நான்கே நாளில் அதன் வழியாக ஆறாவதாக ஒரு புக்கிங் வந்து, தானாகவே உறுதியும் ஆகிவிட்டது. அதிலும் 'உடனடி புக்கிங்' திறந்தே இருந்திருக்கிறது.

அப்புறம், ரத்து செய்தால் என்ன ஆகும் என்ற கணக்கு. உதாரணத்துக்கு ஏர்பிஎன்பி விதியை எடுத்துக்கொள்வோம். தகுந்த காரணம் இல்லாமல் வீட்டுக்காரரே ரத்து செய்தால், வருகைக்கு 30 நாளுக்கு மேல் இருக்கும்போது புக்கிங் தொகையில் 10 சதவீதம் கட்டணம். 30 நாளுக்குள் என்றால் 25, கடைசி 48 மணி நேரத்தில் 50. எப்படியும் 50 டாலருக்குக் குறையாது. 24,000 ரூபாய் புக்கிங்கில் 10 சதவீதம் 2,400 ரூபாய்தானே என்று நினைப்போம். அந்தக் குறைந்தபட்சத்தால் அது நாலாயிரத்தைத் தாண்டிவிடும். வீட்டை விற்பது தகுந்த காரணமாகாது.

இதிலிருந்து தப்ப, "நீங்களே கேன்சல் பண்ணிடுங்களேன்" என்று விருந்தினரிடம் சொல்லச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அவரே ரத்து செய்தால், ரத்து விதிப்படி அவர் பணத்தில் ஒரு பகுதி போகலாம். நீங்கள் சொல்லித்தான் செய்தார் என்பதற்குத் தளத்தின் மெசேஜிலேயே சாட்சி இருக்கும். பள்ளி லீவு, வண்டி, டிக்கெட் எல்லாம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் மலையில் வேறு அறைக்கு எங்கே போவார்கள்?

ஆகவே மாற்ற வேண்டியது சாவி கொடுக்கும் தேதியைத்தான். கிரய ஒப்பந்தம் அப்போது கையெழுத்தாகவில்லை. வாங்குபவரிடம் ஆறு புக்கிங்கையும் காட்டி, சுவாதீனம் ஜனவரி 19 அன்று என்று எழுத வைத்தோம். அவர் ஒத்துக்கொண்டார். அட்வான்ஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டிருந்தால் இது இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

கடைசி விருந்தினர் போகும் வரை வீடு ஹோம்ஸ்டேதான். சமையல் அம்மா, வெந்நீர், வைஃபை எல்லாம் விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும், அதனால் அந்த லாகினையும் விட்டுவிடக் கூடாது. பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கையும் மூடாதீர்கள். விருந்தினர் வந்து ஒரு நாள் கழித்துத்தான் பல தளங்கள் பணத்தை அனுப்பும்.

என் தொழிலில் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் இதற்கு அடுத்துதான் வருகிறது. தளத்துக் கணக்கை அழித்துவிட்டு ஜூலையில் ரிட்டர்ன் போட வருவார்கள். வங்கியில் வந்திருப்பது தளம் தன் சேவைக் கட்டணத்தையும், பிடித்திருந்தால் டிடிஎஸ்ஸையும் கழித்த தொகை. அதையே வருமானமாகக் காட்டினால், உங்கள் பெயரில் பிடித்த வரியை வரித்துறை காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் தளம் காட்டியிருக்கும் மொத்தத் தொகையோடு ஒத்துப்போகாது. வித்தியாசத்தை விளக்கத் தேவையான அறிக்கையோ அழிந்த கணக்கோடு போயிருக்கும். ஏப்ரல் முதல் கடைசி புக்கிங் வரை மாதவாரியான வருமான அறிக்கை, கட்டண பில்கள், விருந்தினரோடு நடந்த மெசேஜ்கள் எல்லாவற்றையும் முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் கடைசி விருந்தினர் டிசம்பர் 31 காலையில் கிளம்பினார்கள். சேதம் ஏதும் இருந்தால் கேட்க அவர் தளத்தில் 14 நாள் அவகாசம் இருந்தது. அது முடியட்டும் என்று காத்திருந்து, ஜனவரி 16 அன்று இரண்டு கணக்குகளையும் அழித்தோம். 19-ஆம் தேதி சாவி கைமாறியது.