சனிக்கிழமையை விழுங்கும் ஃபார்முலா

அச்சகம் ஒன்றில் சம்பளக் கணக்கு பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போக 2026 ஜனவரி 9 முதல் 21 வரை லீவு எடுத்தார். எக்செல் 7 நாள் என்கிறது, விரல் விட்டு எண்ணினால் 8 வருகிறது. எது சரி?" எங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்றும் எழுதியிருந்தார். அப்படியென்றால் விரல்தான் சரி.

அவர் போட்டிருந்தது வேலை நாட்களை எண்ணும் NETWORKDAYS ஃபார்முலா. சனியும் ஞாயிறும் விடுமுறை என்று அது தானாகவே எடுத்துக்கொள்ளும், உங்களைக் கேட்காது. 9 வெள்ளி, 21 புதன், இரண்டு நாளையும் சேர்த்து 13 நாட்கள். அதில் 11, 18 ஆகிய இரண்டும் ஞாயிறு, மிச்சம் 11. பொங்கல் 15, திருவள்ளுவர் தினம் 16, உழவர் திருநாள் 17, இந்த மூன்றையும் அச்சகம் விடுமுறையாக விட்டிருக்கிறது. ஆக 8.

நடுவில் இரண்டு சனிக்கிழமை இருக்கிறதே, பிறகு ஏன் வித்தியாசம் ஒரு நாள் மட்டும்? 17ஆம் தேதி உழவர் திருநாளே சனிக்கிழமையில் வந்துவிட்டது. ஐந்து நாள் அலுவலகக்காரருக்கு அது வீணாய்ப் போன விடுமுறை, ஆறு நாள்காரருக்கு அதுவும் ஒரு லாபம். காணாமல் போனது 10ஆம் தேதி சனி மட்டும்தான். இப்படிப் பிழை சின்னதாக இருப்பதால்தான் பல மாதம் யார் கண்ணிலும் படுவதில்லை.

சரி, ஞாயிறை மட்டும் கழிக்கக் கணினி என்ன செய்ய வேண்டும்? எனக்குப் பிடித்த இடம் இதுதான். எக்செல்லுக்குத் தேதி என்பது வெறும் வரிசை எண், 1900 ஜனவரி 1க்கு 1, அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏறி 2026 ஜனவரி 9க்கு 46031, 21க்கு 46043. இந்த எண்ணை 7ஆல் வகுத்து மீதி 1 வந்தால் அன்று ஞாயிறு. (உண்மையில் 1900 ஜனவரி 1 திங்கள். அந்த வருடம் பிப்ரவரி 29 இருந்ததாக எக்செல் நம்புகிறது, லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்குத்தாள் மென்பொருள் செய்த தவறை வேண்டுமென்றே அப்படியே வைத்துக்கொண்டது. 1900 மார்ச்சிலிருந்து கிழமை சரியாகிவிடும், நம் லீவுக்கு ஆபத்தில்லை.)

இப்போது ஒரு மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். தேதி எண்ணில் 1 கழித்து 7ஆல் வகுத்து, தசமத்தை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால், திங்கள் முதல் சனி வரை அந்த எண் அசையாமல் நிற்கும், ஞாயிறு வந்ததும் ஒரு படி ஏறும். அப்படியானால் லீவின் கடைசி நாளில் எந்தப் படியில் இருக்கிறோம், லீவு தொடங்குவதற்கு முந்தின நாள் எந்தப் படியில் இருந்தோம், இந்த இரண்டையும் பார்த்தால் போதும். நடுவில் ஏறிய படிகள்தான் ஞாயிறுகள். முந்தின நாளிலிருந்து பார்ப்பது ஏனென்றால், லீவு தொடங்குவதே ஞாயிறு என்றால் அதுவும் கணக்கில் விழ வேண்டும்.

நம் கணக்கில் 46042ஐ வகுத்தால் 6577, முந்தின நாளுக்கு 46029ஐ வகுத்தால் 6575. ஏறியது இரண்டு படி, இரண்டு ஞாயிறு. லீவு 13 நாளானாலும் 13 வருடமானாலும் இதே இரண்டு வகுத்தல்தான், காலண்டரைப் புரட்டவே வேண்டாம். லீவு லெட்டர் கொடுக்க ராகுகாலம் பார்க்கிறவர்கள், இந்த இரண்டு வகுத்தலுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கலாம் என்பது என் அபிப்ராயம்.

இதைக் கையால் எழுதவும் தேவையில்லை. எக்செல் 2010லிருந்தே தனி ஃபார்முலா இருக்கிறது:

```
=NETWORKDAYS.INTL(A2,B2,11,H2:H20)
```

A2 லீவின் முதல் நாள், B2 கடைசி நாள். 11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை. H நெடுவரிசையில் பண்டிகைத் தேதிகள். பண்டிகை ஞாயிறில் வந்தால் இரண்டு தடவை கழிக்காது, கையால் எண்ணுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் அது. இரண்டாம் சனி விடுமுறை உள்ள இடங்களில் அந்தச் சனிக்கிழமைகளையும் H பட்டியலில் சேர்த்துவிடுங்கள். 11க்குப் பதில் "0000001" என்றும் எழுதலாம், ஆனால் அந்த வரிசை திங்களில் தொடங்குகிறது. நம் சுவர்க் காலண்டர் பழக்கத்தில் ஞாயிறை முதலில் வைத்து "1000000" என்று போட்டால் திங்கட்கிழமை விடுமுறையாகிவிடும்.

இன்னொன்று, லீவுக்கு நடுவில் வரும் ஞாயிறையும் லீவாகப் பிடிக்கும் 'சாண்ட்விச்' விதி சில நிறுவனங்களில் உண்டு. அங்கே இந்த ஃபார்முலா பொருந்தாது, முதலில் விதியைப் படியுங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவு, சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பில் நடுவிலோ ஓரத்திலோ வரும் விடுமுறைகளைச் சேர்க்கக் கூடாது என்றுதான் சொன்னது.

உங்கள் ஷீட் எந்த வாரத்தை நம்புகிறது என்று பார்க்க, பண்டிகை இல்லாத ஒரு சனிக்கிழமையை எடுத்து, A2, B2 இரண்டிலும் அதே தேதியைப் போடுங்கள். 1 வர வேண்டும். 0 வந்தால் போன வருட லீவுக் கணக்கையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.