சதவீதங்களிலிருந்து ஒரு மனிதர்: பெர்சோனாவில் தரவு எது, ஊகம் எது?

வீட்டுச் செலவுகளைக் குறித்துவைக்க உதவும் கைபேசிச் செயலி ஒன்றுக்காக 400 பேரிடம் சந்தை ஆய்வு நடத்தப்பட்டதாக வைத்துக்கொள்வோம். பதிலளித்தவர்களில் 60% பெண்கள் என்கிறது ஆய்வு அறிக்கையின் 4-ஆம் ஸ்லைடு. 55% பேர் 25 முதல் 34 வயதுக்குள் இருப்பவர்கள் என்கிறது 7-ஆம் ஸ்லைடு. 11-ஆம் ஸ்லைடின்படி 50% பேர் இரவில்தான் கணக்கு எழுதுகிறார்கள். செயலியைக் கைவிட்டவர்களில் 40% பேர் "பதிவிட அதிக நேரம் ஆகிறது" என்று காரணம் கூறியதை 12-ஆம் ஸ்லைடு காட்டுகிறது. இவற்றைப் படித்த குழு, வழக்கமான வாடிக்கையாளரை ஒரே மனிதராகச் சித்தரித்து எழுதும் பெர்சோனா பெரும்பாலும் இப்படி அமையும்: "30 வயதுப் பெண், பகலெல்லாம் வேலை, இரவில் கணக்கு எழுத உட்காருகிறார், நேரமில்லாததால் செயலியைக் கைவிட்டுவிட்டார்."

படிப்பதற்கு இயல்பாக இருக்கும் இந்த மனிதரை எந்த ஸ்லைடும் காட்டவில்லை. ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு பண்பை மட்டும் தனியாக எண்ணியிருக்கிறது. அந்தப் பண்புகள் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கின்றனவா என்பதை எண்ணவில்லை. 60 சதவீதத்தையும் 55 சதவீதத்தையும் கூட்டினால் 115 வருவதால், குறைந்தது 15% பேர், அதாவது 60 பேர், அந்த வயதுப் பெண்களாக இருந்தே தீர வேண்டும். அதிகபட்சமாக அவர்கள் 220 பேர் வரை இருக்கலாம். இரவில் எழுதும் பழக்கத்தையும் சேர்த்தால் கீழெல்லை பூச்சியத்துக்கு இறங்கிவிடுகிறது. மூன்று பண்புகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால் 0.60 × 0.55 × 0.50 = 16.5%, அதாவது 66 பேர் கிடைப்பார்கள். ஆனால் "சாராதவை" என்பதும் நாம் சேர்த்த ஊகம்தான்.

இந்தச் சறுக்கலை உடலளவுகளிலேயே கண்டவர் அமெரிக்க விமானப்படையில் ஆய்வாளராக இருந்த கில்பர்ட் டேனியல்ஸ். அந்தப் படை அளந்து வைத்திருந்த 4,063 பேரின் உடல் அளவுகளிலிருந்து 10 அளவுகளை அவர் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நடுவில் அமையும் ஏறத்தாழ 30 சதவீதத்தினரைச் சராசரியினர் என்று வரையறுத்தார். பத்திலும் சராசரியாக அமைந்தவர் ஒருவர்கூட இல்லை. பெரும்பான்மைப் பண்புகளை அடுக்கி நாம் உருவாக்கும் "வழக்கமான வாடிக்கையாளரும்" இதே வகையில் ஆளில்லாத உருவமாகிவிடலாம். விவரம் கூடக்கூட அவர் மேலும் உண்மையானவராகத் தோன்றுவார், பொருந்தும் ஆட்களின் எண்ணிக்கையோ அதிகரிக்க வழியே இல்லை.

12-ஆம் ஸ்லைடை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதன் அடியில் சிறிய எழுத்தில் "செயலியைக் கைவிட்டவர்களிடம் மட்டும் கேட்கப்பட்டது: 90 பேர்" என்று இருக்கிறது. ஆகவே அந்த 40% என்பது 36 பேர். மொத்த 400 பேரில் 9%. வாய்ப்பு முறையில் எடுத்த மாதிரியாகவே இருந்தாலும், 90 பேரை வைத்துச் சொல்லும் சதவீதத்தில் ஏறக்குறைய 10 புள்ளிகள் இருபுறமும் விலகலாம். பெர்சோனா எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த அடிக்குறிப்பைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

அதைவிட நுட்பமான பிழை சொற்களில் ஒளிந்திருக்கிறது. "பதிவிட அதிக நேரம் ஆகிறது" என்பது செயலியைப் பற்றிய புகார். "நேரமில்லை" என்பதோ அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் பற்றிய கூற்று. முதலாவதை நம்பினால் பதிவுப் படிகளைக் குறைப்போம், இரண்டாவதை நம்பினால் இரவில் நினைவூட்டல் அனுப்புவோம். பதிவிடுவதே சலிப்பூட்டும் வேலையாக இருக்கும்போது நினைவூட்டல் எரிச்சலைத்தான் கூட்டும். "பகலெல்லாம் வேலை" என்பதற்கோ எந்த ஸ்லைடிலும் ஆதாரமே இல்லை. இரவில் எழுதுகிறார் என்ற செய்திக்குக் காரணம் தேடிய மனம் அதைத் தானாகவே நிரப்பிக்கொண்டது.

ஆகவே பெர்சோனாவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அது ஸ்லைடு சொன்னதா, ஸ்லைடிலிருந்து கணக்கிட்டதா, ஊகித்ததா என்று எழுதிவைப்பது நல்லது. சொன்னதாக இருந்தால் ஸ்லைடு எண்ணும் கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் உடன் வர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் "36 பேர் பதிவிட அதிக நேரம் ஆவதாகச் சொன்னார்கள்" என்பது சொன்னது. "அந்த வயதுப் பெண்கள் 60 முதல் 220 பேர்" என்பது கணக்கிட்டது. வேலையும், நேரமின்மையும், இவையனைத்தும் ஒருவரிடமே இருப்பதும் ஊகித்தவை.

ஊகங்களை உடனே அழித்துவிட வேண்டியதில்லை. ஆய்வு நிறுவனத்திடம் மூலத் தரவு இருக்கும். கைவிட்ட 90 பேரையும் பாலினம், வயது, பதிவிடும் நேரம் ஆகியவற்றால் பிரித்த குறுக்கு அட்டவணையைக் கேட்டுப் பெறலாம். அந்த 36 பேரில் மூன்று பண்புகளும் பொருந்துபவர்கள் 6 பேர்தான் என்று தெரியவந்தால், அதைச் சதவீதமாக மாற்றாமல் "36 பேரில் 6 பேர்" என்றே எழுத வேண்டும். "பகலெல்லாம் வேலை" என்பதைப் பற்றி வினாத்தாளில் கேள்வியே இல்லையென்றால் எந்த அட்டவணையும் விடை தராது. கைவிட்டவர்கள் சிலரிடம் நேரில் பேசும்வரை அந்த வரி ஊகம் என்ற குறியுடனே நிற்கட்டும்.